போட்டோவில் டயரைப் படிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "பட்டன் தேய்ந்திருக்கிறதா, எந்த வருட டயர் என்று பாருங்கள்." எங்கே பார்ப்பது? இப்போது பாதிப் பேர் வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை வைத்து விலை பேசி முடித்துவிடுகிறார்கள். டயர் கடை வைத்திருப்பதால் அந்தப் போட்டோக்களை என்னிடம் நீட்டுகிறவர்கள் அதிகம், அதனால்தான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒருவர் சின்ன கார் ஒன்றின் போட்டோக்களைக் கொண்டுவந்தார். "நாலும் புது டயர், போன வருடம்தான் போட்டது" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் 175/65 R14 82T என்று தெரிந்தது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது 165/80 R14.

இரண்டுக்கும் ரிம் 14 அங்குலம்தான், அதனால் டயர் ஒழுங்காக உட்கார்ந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், நடுவில் உள்ள எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பதைச் சொல்வது. 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ., 175-இல் 65 சதவீதம் சுமார் 114 மி.மீ. அதாவது ரிம்மிலிருந்து தரைவரை 18 மி.மீ. குறைவு, வண்டியும் அந்த அளவுக்குத் தாழ்ந்து நிற்கும். முழு விட்டத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம் சின்னது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 94-இல்தான் போகும், ஓடாத கிலோமீட்டரும் கணக்கில் ஏறும்.

அதைவிட முக்கியம் கடைசியில் இருக்கும் எண். 82 என்பது கிலோ அல்ல, பட்டியலில் ஒரு குறியீடு. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்த 85 என்றால் 515 கிலோ. ஒரு ஆக்ஸிலுக்கு 80 கிலோ குறைகிறது, குடும்பத்தோடு லக்கேஜும் ஏற்றிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. அந்த 'டி' வேகத்துக்கான எழுத்து, மணிக்கு 190 கி.மீ. வரை என்று பொருள், நம் ரோட்டில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சரி, வருடம். DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆனால் பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், மாட்டும்போது அது உள்பக்கம் போயிருக்கலாம். வெளிப்பக்கப் போட்டோவில் தேதி இல்லை என்பதற்காக விற்பவர் சுரண்டிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் சக்கரத்தின் உள்பக்கம் கேமராவுக்குக் கிடைத்துவிடும். பின் சக்கரத்துக்குத்தான் குனிந்து படுத்து எடுக்க வேண்டும், விற்பவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

இந்த வண்டியில் ஒரு டயரில் மட்டும் தேதி வெளியே இருந்தது. வாங்க வந்தவர் 8519 என்று படித்தார். வருடத்தில் 85 வாரம் கிடையாது, 53-க்கு மேல் போகவே போகாது, எனவே அது 3519, 2019 ஆகஸ்ட் கடைசி. முதல் இலக்கம் மங்கலாக இருந்தால் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். வருட இலக்கத்தில் 6-ஆ 8-ஆ என்று குழம்பினால் ஊகிக்க வழியில்லை, மறுபடி போட்டோ கேட்க வேண்டியதுதான். கறுப்பின்மேல் கறுப்பு எழுத்து என்பதால் ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்தால் எல்லாம் ஒரே பளபளப்பு. ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் சரி. அப்புறம், வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அமுக்கி அனுப்பியதில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும்.

போன வருடம் போட்டது என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிடங்கில் கிடந்ததையோ, வேறு வண்டியில் ஓடியதையோ போன வருடம் வாங்கிப் போட்டிருக்கலாம். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்கச் சொல்கிறார்கள் பல டயர் கம்பெனிகள், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு கடை பில்லிலிருந்து அல்ல, இந்த நான்கு இலக்கத்திலிருந்துதான்.

இன்னொன்று, நான்கு சக்கரத்துக்கும் போட்டோ கேட்கிறவர்கள் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். பட்டன் புதிதாக, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள்கூடக் கழலாமல் இருக்கும், தேதியைப் பார்த்தால் வண்டி பிறந்த வருடமாக இருக்கும். டிக்கியைத் திறந்து அதையும் ஒரு போட்டோ.

- டயர் கடைக்காரர், நாமக்கல்