பேனலை அனுப்புவதற்கு முன் இரண்டு நாள்: திட்ட மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலைகளில் திட்டப் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கு வணக்கம்.

பிஎல்சி பேனல் வந்து இறங்கியதும் பவர் கொடுத்து, மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, ஆலையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என் வேலை. என்னைப் போன்றவர்கள் உங்கள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறோம். முன்னால் எங்கே தாமதம் நேர்ந்தாலும் வெட்டு விழுவது எங்கள் நாட்களில்தான். அவற்றிலும் முதலில் காணாமல் போவது, பேனல் கிளம்பும் முன் புரோகிராமை மேசையில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று குறித்த இரண்டு நாள். ‘சைட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பீர்கள். அப்படி நான் சைட்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

அது ஒரு சாயப்பட்டறை. கீழே மென்னீர்ச் சம்ப், மேலே தொட்டி, நடுவே ஒரு பம்ப். தொட்டி 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டும், 90 தாண்டினால் நிற்க வேண்டும். புரோகிராமில் அது இவ்வளவுதான்:

```
IF Level < 40.0 THEN
    PumpReq := TRUE;
ELSIF Level > 90.0 THEN
    PumpReq := FALSE;
END_IF;
```

படித்துப் பார்த்தால் பிழை எதுவும் தெரியாது. கமிஷனிங் அன்று தொட்டியை நிரப்பினோம், காலி செய்தோம், மறுபடி நிரப்பினோம். எல்லாம் சரியாக நடந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து ஓர் இரவில் மேல்தொட்டி வழிந்தது. கேபிள் ட்ரேயில் யாரோ வேறு வேலை பார்த்தபோது லெவல் டிரான்ஸ்மிட்டரின் வயர் டெர்மினலிலிருந்து கழன்றிருக்கிறது. திரையில் தொட்டியின் படம் அடிவரை காலியாகத் தெரிந்தது. ஆபரேட்டர் அதைப் பார்த்தார், பம்ப் ஓடுவதையும் பார்த்தார், நிரம்பட்டும் என்று இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே சம்ப் வற்றி அதன் மிதவை சுவிட்ச் பம்பை நிறுத்தும்வரை மென்னீர் முழுவதும் மாடிப்படி வழியாகச் சாக்கடைக்குப் போனது.

நடந்தது இதுதான். டிரான்ஸ்மிட்டர் அனுப்புவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். சீமென்ஸ் வகை பிஎல்சிகளில் அனலாக் மாட்யூல் அதை 0 முதல் 27648 வரையிலான எண்ணாக்கித் தரும். வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யம். அப்போது வருவது 0 என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மாட்யூலையும் அதன் அமைப்பையும் பொறுத்தது. வயர் அறுந்ததைக் கண்டறியும் வசதியை இயக்கி வைத்திருந்தால் 32767 வரும். அதே வசதியை அணைத்து வைத்திருந்தால் பல மாட்யூல்களில் −32768 வரும். சதவீதக் கணக்கில் முதலாவது 118.5, இரண்டாவது −118.5. புரோகிராம் ஒன்றுதான், அறுந்த வயரும் ஒன்றுதான். ஆனால் ஓர் அமைப்பில் தொட்டி நிரம்பிவிட்டதாக நம்பி பம்ப் நின்றுபோகும், இன்னொன்றில் தொட்டி காலி என்று நம்பி நிற்காமல் ஓடும். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது. திரைப் படத்தின் கீழ் எல்லை 0 என்பதால் −118.5 அங்கே வெறும் ‘காலி’யாகத் தெரிந்தது.

இதைப் பிடிக்க ஆலை தேவையே இல்லை. சீமென்ஸில் PLCSIM, மிட்சுபிஷியில் GX Simulator3 என்று மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பொய் பிஎல்சியை ஓட வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆலைக்கு எழுதிய அதே புரோகிராமை அதில் ஏற்றி, லெவல் வரும் இடத்தில் 13824 என்று தட்டினால் பாதித் தொட்டி. 32767 என்று தட்டிப் பார்க்கலாம், −32768 என்று தட்டிப் பார்க்கலாம். இரண்டாவது எண்ணைத் தட்டிய நொடியில் பம்ப் ஓடுவதும், பிறகு எதற்கும் நிற்காததும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அதன்பின் சேர்க்க வேண்டியதும் பெரிதில்லை:

```
LevelOK := (RawLevel > -691) AND (RawLevel < 29376);
```

இந்த எண்கள் 3.6 மற்றும் 21 மில்லி ஆம்பியருக்கு உரியவை. இந்த எல்லைகளுக்கு வெளியே வருவது அளவு அல்ல, பழுது என்பது நாமூர் என்ற ஆலைப் பயனர் சங்கத்தின் என்இ 43 பரிந்துரையின் வழக்கம்.

ஆனால் பழுது என்று தெரிந்த பிறகு பம்ப் என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டும் என்று பொறியாளர் சட்டென்று சொல்லிவிடுவார். உங்கள் சாயமேற்றும் மேஸ்திரியைக் கேட்டால், பாதித் துணி இயந்திரத்துக்குள் இருக்கும்போது தண்ணீர் நின்றால் அந்தத் தொகுதியே பாழ் என்பார். அந்த ஆலையில் கடைசியாக, தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு மிதவை சுவிட்சைப் பொருத்தி, டிரான்ஸ்மிட்டர் பழுதானால் அலாரம் அடித்துவிட்டு அந்த சுவிட்சை வைத்து ஓட்டுவது என்று முடிவானது. இந்தக் கேள்விக்கு விடை எங்களிடம் கிடையாது, உங்களிடம்தான் இருக்கிறது. மேசைச் சோதனையின்போது உங்கள் உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர் எங்களுடன் உட்கார வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். வயர் போட்டு முடித்த பிறகு ஒரு சுவிட்ச் சேர்ப்பது எவ்வளவு தொல்லை என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வார்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பொய் பிஎல்சியில் பம்புக்கு ஆணை போனாலும் கான்டாக்டர் இழுத்ததற்கான பதில் வராது, அங்கே கான்டாக்டரே இல்லையே. மூன்று நொடியில் ‘பம்ப் ஓடவில்லை’ என்று டிரிப் ஆகிவிடும். எரிச்சலில் பலர் அந்தப் பதிலை நிரந்தரமாக TRUE என்று வைத்துவிடுகிறார்கள். அதோடு டிரிப் லாஜிக் சோதிக்கப்படாமலே போய்விடுகிறது. அதற்குப் பதில் ஆலையைப் போல நடிக்கும் ஒரு சிறிய பகுதியை, 100 மில்லி நொடிக்கு ஒருமுறை ஓடும்படி எழுதலாம்:

```
IF PumpOut THEN
    SimLevel := SimLevel + 0.02;
ELSE
    SimLevel := SimLevel - 0.01;
END_IF;
```

கான்டாக்டர் பதிலும் இப்படித்தான், ஆணை போய் அரை நொடி கழித்து வரும்படி ஒரு டைமர் போதும். 40லிருந்து 90க்குத் தொட்டி நான்கு நிமிடத்தில் நிரம்பும், ஒரு மதியத்தில் பல நாள் ஓட்டத்தைப் பார்த்துவிடலாம். இந்தப் பகுதியைத் தனி பிளாக்காக வைத்து, பேனலுக்கு ஏற்றும் முன் நீக்கிவிட வேண்டும். மறந்தால் உண்மையான தொட்டிக்குப் பதில் கற்பனைத் தொட்டியைப் பார்த்துப் பம்ப் ஓடும். இதையும் நான் பார்த்திருக்கிறேன், யார் எழுதியது என்று கேட்காதீர்கள்.

மேசையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாட்யூல் 32767 தருமா, −32768 தருமா என்பது பொய் பிஎல்சிக்குத் தெரியாது. நாம் தட்டிய எண்ணைத்தான் அது நம்பும். வயர் மாறிப் போயிருந்தாலும் மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் அங்கே தெரியாது. அதனால் சைட்டில் டெர்மினலிலிருந்து வயரைக் கையால் கழற்றிப் பார்க்கும் சோதனை கண்டிப்பாக வேண்டும். மேசையில் வேலை முடிந்திருந்தால் சைட்டில் அது ஒரு டிரான்ஸ்மிட்டருக்குப் பத்து நிமிடம். முடியாமல் வந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் பிழை தெரியும். பிறகு தண்ணீருக்காகக் காத்திருக்கும் உற்பத்திக்கு நடுவே, நள்ளிரவில், புரோகிராமை மாற்றிக்கொண்டிருப்போம்.

அடுத்த கொள்முதல் ஆணை எழுதும்போது, பேனல் அனுப்புவதற்கான தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு அனலாக் உள்ளீட்டுக்கும் 32767 கொடுத்தபோதும் −32768 கொடுத்தபோதும் எந்த மோட்டார் ஓடியது, எது நின்றது, எந்த அலாரம் அடித்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கீழே பொறியாளர் கையெழுத்தும் உங்கள் உற்பத்திப் பிரிவின் கையெழுத்தும் இருக்க வேண்டும். தாள் வராமல் லாரி கிளம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கமிஷனிங் பொறியாளர்