பொருள்: உங்கள் சிடி ஆல்பம் என் சிடிகளைக் கெடுத்தது குறித்து, நான்காவது முறையாக

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொன்னேன்.

போன வருடம் பொங்கலுக்கு முன்பு உங்களுடைய கறுப்பு ஜிப் ஆல்பம் நான்கு வாங்கினேன், 96 சிடி பிடிக்கும் பெரிய அளவு. கூடவே டிவி கேம் கேசட்டுக்கான கண்ணாடி உறை ஒரு பாக்கெட். எந்த ஆல்பம் என்று திரும்பவும் கேட்காதீர்கள். பில், படம், பெட்டி எண் எல்லாம் உங்களிடம் மூன்று முறை வந்திருக்கிறது.

இந்த ஜூனில் திறந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மழைக்கோட்டு வாசனை. சிடியை இழுத்தால் பிசுபிசுவென்று வருகிறது, அடிப்பக்கம் எண்ணெய் தடவியது மாதிரி மங்கியிருக்கிறது. நான் வைத்திருந்தது 312. அவற்றில் 37 சிடிகளின் மேல்பக்க அச்சு உறையோடு ஒட்டிப் பிய்ந்து வந்துவிட்டது. பழுப்பேறிய அந்த 60 பின் கேசட்டுகள் பதினான்கும் இதே கதைதான். லேபிளில் இருந்த படம் உறையின் உள்பக்கத்தில் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருக்கிறது. லேபிளில் மிச்சம் வெளிறிய காகிதம்.

உங்கள் பொருள் எதனால் செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். அது பிவிசி. பெட்டியில் மட்டும் “பாதுகாப்பான மென்மையான உறை” என்று போட்டிருக்கிறீர்கள். பிவிசி தன்னியல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க ஒரு எண்ணெயைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து இறுகுவதில்லை. வெயிலும் அழுத்தமும் பட்டால் மெல்ல வெளியே கசிந்து, பக்கத்தில் இருக்கும் மையையும் வார்னிஷையும் இளக்கிவிடும். சந்தேகம் தீர உறையில் ஒரு நகமளவு வெட்டி, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் தொட்டு, கம்பியைத் திரும்ப கேஸ் அடுப்பில் காட்டினேன். தீ பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படி எரியும். (ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்தேன், அந்தப் புகை நல்லதில்லை.) கடையில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் சலசலக்கும் பாலிப்ரொப்பிலீன் உறையில் பச்சையும் வரவில்லை, பிசுபிசுப்பும் இல்லை.

இப்போது உங்கள் ஊழியரைப் பற்றி. கடைசியாகப் பேசியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், இந்தக் காலத்துல யாரு சார் சிடி போட்டுப் பாக்குறாங்க? எல்லாம் யூடியூப்ல இருக்கே.” 2004-இல் என் தங்கை கல்யாணத்தில் என் அம்மா நலங்குப் பாட்டுப் பாடியது எந்த யூடியூபில் இருக்கிறது? அம்மா இப்போது இல்லை. அவர் குரல் இருந்தது அந்த மூன்று விசிடியில் மட்டும்தான். அதில் இரண்டாவது இந்த 37-இல் ஒன்று.

“அடிப்பக்கம் கீறல் இல்லையே சார், ஓடும்” என்றும் சொன்னார். சிடி விற்கும் ஆளுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சிடி உறை விற்கிற உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டருக்குக் கெட்டி பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கூட மீட்கலாம். பதிவு இருப்பது மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே. அதை மூடியிருப்பது மெல்லிய உலோகப் பூச்சும் அதன்மேல் ஒரு வார்னிஷும், அவ்வளவுதான். லேபிள் பிய்ந்தால் உலோகமும் கூட வரும், பதிவும் போச்சு. பிய்யாமல் வார்னிஷ் மட்டும் விரிசல் விட்டால், அச்சிட்ட பாட்டு சிடிகளில் காற்றும் ஈரமும் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியது மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அப்படி ஒன்பது இருக்கின்றன. அம்மாவின் விசிடியில் புள்ளி இல்லை, கட்டைவிரல் அளவுக்கு ஜன்னலே திறந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2011-இல் எடுத்த காதுகுத்து டிவிடிக்கும் அச்சு பிய்ந்தது, ஆனால் ஓடுகிறது. டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுகளை ஒட்டிச் செய்தது, பதிவு நடுவில் பத்திரமாக இருக்கும். அச்சு பிய்ந்த தட்டுகளில் உங்கள் உறை தப்பவிட்டது அது ஒன்றைத்தான்.

அம்பத்தூருக்கு வரச்சொன்னீர்கள், வந்தேன். மடிப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, நான்கு ஆல்பத்தையும் பையில் சுமந்து. காவலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, ஆல்பத்தைத் திறக்காமலே, “படுக்க வெச்சு அடுக்கியிருப்பீங்க, அது உங்க தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆமாம், படுக்க வைத்துத்தான் அடுக்கினேன், அதுவும் அலமாரியின் மேல்தட்டில். ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தி வைக்க வேண்டும், வெயில் படாமல் வைக்க வேண்டும் என்று உங்கள் துண்டுச்சீட்டில் ஒரு வரி இருந்ததா? அதில் இருந்தது, “பழைய டப்பாக்களைத் தூக்கி எறியுங்கள், இடத்தை மிச்சப்படுத்துங்கள்!” நம்பி எறிந்தேன். அந்த டப்பா நடு ஓட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளும், சிடியின் இரண்டு பக்கமும் எதன்மேலும் படாது. புத்தகம் மாதிரி நிற்க வைத்தால் வளையவும் வளையாது. இருபது வருடமாக அதில் ஒன்றுமே ஆகவில்லை.

மிச்சத்தை நானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கிறேன். வட்டமாகத் துடைத்தால் பதிவின் போக்கிலேயே கீறல் விழும். கடைசியாக பேட்டரித் தண்ணீரில் அலசல். எண்ணெய் மட்டும் படிந்தவை தெளிந்தன. கேசட்டின் முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன், ஓடுகின்றன. லேபிளுக்கு வைத்தியம் இல்லை. இதற்கு இதுவரை ஆறு ஞாயிற்றுக்கிழமை. என் வாழ்க்கையில் பாதி போய்விட்டது என்றால் சிரிப்பீர்கள், எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

தயவுசெய்து இதை ஒரு மனிதர் படியுங்கள். நான்கு ஆல்பம், உறை, புதுடப்பாக்கள் ஆகியவற்றின் விலையும், கெட்ட சிடிகளுக்காக 50,000 ரூபாயும் வேண்டும். கோடி கொடுத்தாலும் அம்மா குரலுக்கு ஈடாகாது, அது வேறு. பெட்டியில் “பிவிசி” என்று அச்சிடுங்கள், டப்பாவை எறியச் சொல்லும் அந்த வரியை எடுங்கள்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் 1915-க்கு அழைப்பேன், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார் பதியக் கட்டணம்கூடக் கிடையாது, விசாரித்துவிட்டேன். அம்மா படம் பதிந்திருந்த அந்த உறையை ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை அதை அம்பத்தூருக்குச் சுமந்து வரமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆளை மடிப்பாக்கத்துக்கு அனுப்புங்கள், உட்கார நாற்காலி போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்பம் நான்கை வாங்கியவன்