பத்தாவது எழுதப்போற என் தம்பிக்கும் அவன் கிளாஸுக்கும் ஒரு திறந்த மடல்

டேய் தம்பி, போன வாரம் சித்தி போன்ல உன் கணக்கு மார்க்க சொன்னாங்க, எல்லாம் தெரிஞ்சும் எங்கயோ போயிடுதுன்னு வருத்தப்பட்டாங்க, அதான் எழுதறேன். உன் கிளாஸ் பசங்களுக்கும் காட்டு.

நான் பத்தாவது படிக்கும்போது காட்பாடியில ரிவிஷன் எக்ஸாம்ல கணக்குல 99. அந்த ஒரு மார்க் போனது தெரியாத கணக்குல இல்ல. 7, 11, 15... இந்தக் கூட்டுத் தொடர்வரிசையில 10-வது உறுப்பு என்னன்னு கேட்டிருந்தாங்க. முதல் உறுப்பு 7, வித்தியாசம் 4, அப்போ 7 + 9 × 4 = 43. ரஃப்ல சரியா போட்டிருந்தேன். ஆப்ஷன் (அ) 36, (ஆ) 47, (இ) 43, (ஈ) 40.

நான் என்ன பண்ணேன்னா, டைம் மிச்சம் பண்ணலாம்னு 14 ஒரு மார்க்குக்கும் வெறும் எழுத்த மட்டும் வரிசையா எழுதிக்கினு போயிட்டேன். அப்போ 43க்கு (இ) போடாம கண்ணு மேல் வரிக்குப் போயி (ஆ)ன்னு எழுதிட்டேன். கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் பகுதி ஒன்னு மேல இருக்கிற வரிய படிச்சேன், "குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்"னு இருந்துச்சு. அவசர அவசரமா ரஃப்ல இருந்து விடைய மட்டும் எடுத்து பக்கத்துல எழுதினேன், ஆப்ஷன திரும்ப பாக்கவே இல்ல. பேப்பர்ல "(ஆ) 43"ன்னு நின்னுச்சு. சார் சிவப்புப் பேனாவுல 0 போட்டிருந்தாரு. போயி கேட்டேன், 43 சரிதானே சார்னு. குறியீடு, விடை ரெண்டுல ஒன்னு தப்பானாலும் மார்க் கிடையாது, பப்ளிக்லயும் அப்படித்தான் திருத்துவாங்கன்னு சொல்லிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் யோசிச்சா அந்த வரி நம்மள மாட்டிவிட இல்லடா, (ஆ)ன்னு எழுதின கையோட 47ன்னு பேப்பர பாத்து எழுதியிருந்தா, ரஃப்ல 43 இருக்கேன்னு அங்கயே பிடிச்சிருப்பேன். அதனால நீ ஒவ்வொன்னுக்கும் குறியீடு, விடை ரெண்டையும் அப்போவே எழுது, விடைய ரஃப்ல இருந்து எடுக்காத, கொஸ்டின் பேப்பர்ல அந்த ஆப்ஷன் மேல விரல் வெச்சுப் பாத்து எழுது.

இன்னொன்னு, ரெண்டு மார்க்ல 14 கேள்விக்கு 10 எழுதணும், ஆனா 28-வது கட்டாயம். அஞ்சு மார்க்ல 42-வது அதே மாதிரி. 28-வது கேள்விய விட்டுட்டு வேற 10 எழுதினா கணக்குல வர்றது 9 தான். கேள்வி படிக்கக் கொடுக்கிற முதல் 10 நிமிஷத்துல நேரா கஷ்டமான கணக்குக்குப் போகாம, ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிற வரிய மட்டும் முதல்ல படிச்சிடு, ஒரு நிமிஷம் கூட ஆகாது.

ஞாயித்துக்கெழம குடியாத்தம் வரேன். உன் கடைசி பேப்பர எடுத்து வெய்யி, ஒரு மார்க்ல எங்கெல்லாம் 0 விழுந்திருக்குன்னு ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்.

உன் அக்கா