சனிக்கிழமை பின்னேரம் வந்த துணி

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு 20 உருப்படிக்கு மேல் ஒடர் பிடித்திருக்கிறாய், துணி இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை என்று எழுதியிருந்தாய். துணி பிந்தினால் யாருடையதை முதலில் தைப்பது என்று கேட்டாய். இங்கே மத்திய வீதித் தையல் மாமிக்கு 2024 தீபாவளிக்கு இதே நிலைமைதான் வந்தது. அவ அதை எப்படிச் சமாளித்தா என்று விபரமாக எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

அந்த முறை தீபாவளி ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. புறக்கோட்டையில் சொல்லி வைத்த துணி 17ஆம் திகதி வந்திருக்க வேண்டும். வந்தது 26, சனிக்கிழமை பின்னேரம். கையில் மிச்சம் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நாலு நாள். தைக்க இருந்தது 25 உருப்படி. சாறிப் பிளவுஸ் 10, பஞ்சாபி 6, சின்னப் பிள்ளைகளின் பாவாடை சட்டை 5, ஆம்பிளைகளின் சேட் 4. கடையில் தைக்கிறது மாமியும் ஒரு பிள்ளையும். கொக்கி வைக்கவும் கைத்தையல் போடவும் பக்கத்து ஒழுங்கையில் ஒரு ஆச்சி.

மாமி துணிக்கட்டை அவிழ்க்க முதல் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தா. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு மெசினில் 2 மணித்தியாலம், பஞ்சாபிக்கு 3, பாவாடை சட்டைக்கு 2, சேட்டுக்கு இரண்டரை. மொத்தம் 58 மணித்தியாலம். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் தைக்கும். மாமிக்கு வெட்டும் வேலையும் வாசலுக்கு வருகிற ஆட்களும் இருப்பதால் 6 தான். புதன்கிழமை பின்னேரம் எல்லாரும் எடுக்க வருவார்கள், அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 9 மட்டும். ஆகமொத்தம் 54. இதில் 9 மணித்தியாலத்தை அவ தொடாமல் ஒதுக்கினா. ஐப்பசி மழைக்குக் கரண்ட் போகும், பிரித்துத் தைக்கவும் ஏதாவது வந்தே தீரும். மிஞ்சியது 45. அதாவது 13 மணித்தியால வேலையை தீபாவளிக்கு அங்கால் தள்ளியாக வேண்டும்.

நீ யோசிப்பாய், ஒடர் தந்த திகதிப்படி பிந்தி வந்தவர்களைத் தள்ளலாமே என்று. அது நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் முதல் ஒடர் தந்தவ கார்த்திகையில் நடக்கிற கலியாணத்துக்கு உடுக்கப் போகிறவவாக இருக்கலாம், கடைசியாகத் தந்தது விடிய எண்ணெய் வைத்து முழுகிவிட்டுப் புதுச்சட்டைக்குக் காத்திருக்கிற குழந்தையாக இருக்கலாம். முற்பணம் கூடக் கட்டியவர், உரத்துக் கதைக்கிறவர் என்று பார்த்து அடுக்குவது அதைவிடப் பிழை. மாமி அன்றிரவே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "தங்கச்சி, இதை எண்டைக்கு, எந்த நேரம் உடுக்கப் போறீங்கள்?" எப்ப வேணும் என்று கேட்டிருந்தால் எல்லாரும் நாளைக்கே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று பிளவுஸ் தீபாவளிக்கே இல்லை, கலியாணத்துக்கு. அது 6 மணித்தியாலம். இரண்டு பஞ்சாபி, சனிக்கிழமை கிண்ணியாவிலிருந்து வருகிற சிநேகிதிக்குக் கொடுக்க. அது இன்னொரு 6. ஒரு பெட்டை தன் பஞ்சாபிக்கு மேல்சட்டை மட்டும் தைத்தால் போதும், காலுக்குக் கடையில் வாங்கிப் போடுகிறேன் என்றாள். அதில் 1. கணக்கு 45க்கு இறங்கிவிட்டது. தள்ளிப்போட்டவர்களுக்கு "கொஞ்சம் பிந்தும்" என்று சொல்லாமல் நாளும் நேரமும் சொல்லிக் கொப்பியிலும் எழுதினா. சின்னப் பிள்ளைகளுடையதைத் தள்ளச் சொல்லி மட்டும் அவ யாரையும் கேட்கவில்லை. பெரியவர்கள் அலுமாரியிலுள்ள நல்ல சாறியை எடுத்து உடுப்பார்கள், குழந்தைக்கு அப்படி இல்லை.

மாமி விட்ட பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 17ஆம் திகதி துணி வராதபோதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒன்பது நாள் பேசாமல் இருந்துவிட்டா. நீ அப்படி இருக்காதே, சொன்ன நாள் தாண்டிய மறுநாளே போனை எடு.

இனித் துணி. கட்டை அவிழ்த்ததும் முதல் பார்த்தது நிறம். பாவாடைக்கு வந்த அரக்குச் சிவப்பு இரண்டு உருளையாக வந்திருந்தது. ரியூப் லைட்டில் ஒரே நிறம், ஞாயிறு விடிய வாசலில் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்று சற்றுக் கறுப்பு. ஒரு பிள்ளையின் பாவாடையும் சட்டையும் ஒரே உருளையில் வெட்டினால் ஒருவர் கண்ணுக்கும் படாது, கலந்து வெட்டினால் படம் எடுக்கும்போது தெரிந்துவிடும். அக்கா தங்கை இரண்டு பேரின் உடுப்பையும் ஒரே உருளையிலிருந்து எடுத்தா. வெட்டிய துண்டுகளை உருளைக்கு ஒரு பக்கமாக அடுக்கி, சோக்கால் பின்பக்கம் குறியிட்டா.

அடுத்தது நனைக்கிறது. அவசரத்தில் எல்லாரும் விடுகிற வேலை இதுதான். பருத்தி லைனிங் தண்ணீர் பட்டால் சுருங்கும், மேலே உள்ள பட்டு மாதிரித் துணி சுருங்காது. முதல் தோய்ச்சலோடு உள்பக்கம் இழுத்து, மேலே சுருக்கம் சுருக்கமாக நிற்கும், பிறகு எந்த அயனுக்கும் அது போகாது. சந்தேகமென்றால் 20 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி நனைத்து, காயவைத்து, அயன் பண்ணி அளந்து பார். அரைச் சென்ரிமீற்றர் குறைந்தாலே ஒரு மீற்றருக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் போய்விடும், பிளவுஸில் அது அக்குளைப் பிடிக்கும். மாமி சனி இரவு லைனிங்கையும் சேட் துணியையும் தண்ணீரில் அமிழ்த்தி, பிழியாமல் வடியவிட்டு, மழையென்றபடியால் விறாந்தையில் கயிறு கட்டி இரவு முழுக்க ஃபான் போட்டா.

தைக்கிற வரிசையும் அந்த ஈரத்திலிருந்துதான் வந்தது. பாவாடைத் துணிக்கு நனைப்பு வேண்டாம், ஆகவே ஞாயிறு விடிய அதைத்தான் வெட்டினா. பிள்ளை பகல் முழுக்க அதையே தைத்தது. மத்தியானம் லைனிங் காய்ந்ததும் ஏழு பிளவுஸையும் ஒன்றாக வெட்டி, மாமி தைக்கத் தொடங்கினா. பிளவுஸை ஏன் முன்னுக்கு எடுத்தா என்றால், மெசினால் இறங்கிய பிறகும் அதில் கைவேலை இருக்கிறது. கொக்கி, வளையம், கழுத்து, கீழ் மடிப்பு என்று ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம். பிளவுஸ் கடைசியாக இறங்கினால் ஆச்சி மூன்று நாள் சும்மா இருந்துவிட்டுப் புதன் இரவு ஏழையும் மடியில் வைத்துக்கொண்டு அழ வேண்டும். முதலில் இறங்கினால் ஆச்சியின் கை கடைக்கு மூன்றாவது மெசின் மாதிரி.

திங்கள் பிளவுஸ் முடிய சேட். பொத்தான் ஓட்டை போடுகிற மெசின் மாமியிடம் இல்லை, வெளியே ஒரு கடையில் கொடுக்க வேண்டும், அவர்கள் புதன் மத்தியானத்தோடு எடுக்கமாட்டார்கள். அதனால் சேட் செவ்வாய் மத்தியானம் முடிந்தாக வேண்டும். கடைசியில் பஞ்சாபி. அது தொளதொளவென்று இருக்கிற உடுப்பு, அரை இஞ்சி முன்பின் போனாலும் உடம்பில் நிற்கும், கைவேலையும் குறைவு. களைத்த கைக்கு ஏற்றது. புதன்கிழமைக்கு அட்டவணையில் ஒரு உருப்படியும் எழுதவில்லை. ஒதுக்கிய 9 மணித்தியாலம் அதுதான்.

அந்த 9ம் எப்படிப் போனது தெரியுமா? திங்கள் பின்னேரம் மழையோடு கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம் வரவில்லை. பழைய மிதி மெசின் இருந்ததால் தையல் ஓடியது, ஆனால் ஓவர்லொக் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாமி கரண்ட் இருக்கும்போதெல்லாம் ஓவர்லொக் வேலையை முந்திக் குவித்துச் செய்தா. செவ்வாய் விடிய இரண்டு சேட்டின் கொலரில் கொப்புளம். பிள்ளை ஒட்டுக் கன்வஸை அயனால் தேய்த்து ஒட்டியிருக்கிறது, துணியிலும் கொஞ்சம் ஈரம் நின்றிருக்கிறது. ஈரம் ஆவியாகிப் பசையைத் தூக்கிவிடும். அயனை ஒரு இடத்தில் அழுத்திப் பிடித்து, பிறகு தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஆறிய பிறகு மூலையை நகத்தால் கிளப்பிப் பார், பிரியாவிட்டால்தான் தைக்க எடு. மிச்சத் துணி இருந்ததால் இரண்டு கொலரையும் புதிதாக வெட்டித் தைத்தா. சேட் துணி எடுக்கும்போது ஒரு கால் மீற்றர் கூட எடு என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

புதன்கிழமை ஒரு பிளவுஸ் போட்டுப் பார்க்கும்போது நெஞ்சில் இறுக்கம். புரட்டாதியில் எடுத்த அளவு. மாமி பக்கத் தையலைக் கடைசியாகப் போட்டு, உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்சி விட்டிருந்ததால் கால் மணித்தியாலத்தில் பிரித்து விட்டுக்கொடுத்தா. பாவாடைகளின் கீழ் மடிப்பிலும் இரண்டு இஞ்சி விட்டிருந்தா, வளருகிற பிள்ளைகள்.

எல்லாருக்கும் அவ சொன்ன நேரம் புதன் இரவு 8 மணி. மனதில் வைத்திருந்தது 4 மணி. கடைசிப் பிளவுஸின் கொக்கியை ஆச்சி வைத்து முடித்தபோது ஏழரை. உரிய ஆள் எட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனா. கலியாணத்துக்காரி ஒருத்தி மட்டும் கோபித்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கேட்டா. மாமி முற்பணத்தையும் சேர்த்து அன்றைக்கே கொடுத்துவிட்டா.

நீ இன்றைக்கே கொப்பியில் ஒவ்வொரு ஒடருக்கும் பக்கத்தில் உடுக்கிற நாள், மெசின் நேரம், கைவேலை நேரம் மூன்றையும் எழுது. உன்னிடம் கைவேலைக்கு ஆள் இல்லை என்றால் பிளவுஸுக்கு முக்கால் மணித்தியாலத்தை உன் கணக்கிலேயே கூட்டு. ஓவர்லொக் ஊசி கேட்டிருந்தாய், 11ஆம் இலக்கம் பத்து ஊசியும், நல்ல சோக்கும் சனிக்கிழமை பஸ்ஸில் தந்துவிடுகிறேன். துணி வந்ததும் போன் எடு.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை