பத்து நாள் தண்ணி: எங்க ஏரியா கான்ட்ராக்டர் அண்ணன்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்களுக்கு வணக்கம். நான் யாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், திருச்சி சுத்துவட்டாரத்துல சைட் சூப்பர்வைசரா பதினாலு வருசமா சுத்திட்டு இருக்கேன், உங்க கூட டீ குடிச்சிருக்கேன், சண்டையும் போட்டிருக்கேன். இத யாரையும் குத்திக்காட்ட எழுதல, ஆனா என் அக்கா வீட்டு மொட்டை மாடிய போன மாசம் பாத்துட்டு வந்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

அக்கா வீடு ஆயிரம் சதுரடி, அஞ்சு இஞ்ச் தளம், எம்20 கலவை. போன வருசம் அக்னி நட்சத்திரத்துல போட்டாங்க. நான் அப்ப வேற ஊர்ல சைட்ல மாட்டிக்கிட்டேன், போன்லதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். காலைல ஏழு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடிஞ்சிருச்சு, ஜல்லி சுத்தம், கம்பி சரியா கட்டியிருக்கு, வைப்ரேட்டரும் ஒழுங்கா போட்டிருக்காங்க, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. மட்டப்பலகை இழுத்து தேய்ச்சு முடிச்சிட்டு எல்லாரும் சாப்பிட்டு கிளம்பிட்டாங்க. "நாளைக்கு காலைல தண்ணி விட்டுக்கோங்கம்மா"ன்னு அக்காகிட்ட சொல்லிட்டு போயிட்டாங்க. அவ்ளோதான், தப்பு அங்கயே ஆரம்பிச்சிருச்சு.

மூணு மணி வெயிலு, அதுக்கு மேல காத்து. பச்சை கான்கிரீட்டு மேல ஊறி வர்ற தண்ணிய விட வெயிலும் காத்தும் உறிஞ்சுறது வேகமா இருந்தா மேல் தோல் சுருங்கும், ஆனா உள்ள இன்னும் குழகுழன்னுதான் இருக்கும், அதனால தோல் கிழியும். அதத்தான் அடுத்த நாள் காலைல அக்கா பாத்திருக்கு, குறுக்கால சாய்வா, ஒரு சாண், ரெண்டு சாண் நீளத்துல ஏழெட்டு வெடிப்பு. மேஸ்திரி வந்து பாத்துட்டு "இது சும்மா மயிர்வெடிப்பு, எல்லா வீட்லயும் வரும்"னு சொல்லி சிமெண்ட் பால ஊத்தி தேய்ச்சு மூடிட்டாரு. அண்ணே, அந்த வெடிப்பு சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்கு கான்கிரீட் இறுகுறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டிருந்தா கரண்டிய வச்சு அழுத்தி தேய்ச்சாலே திரும்ப ஒட்டியிருக்கும். இறுகுன பிறகு ஊத்துற பால் வெறும் மேக்கப்தான்.

அப்புறம் பாத்தி கட்டுனது மறுநாள் மத்தியானம். போட்டு முடிச்சு கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரம் அந்த தளம் ஒரு துளி பாதுகாப்பும் இல்லாம கெடந்திருக்கு. மூணாவது நாள் போர் மோட்டார் ரிப்பேர், அன்னைக்கு பாத்தி காஞ்சு போச்சு. நாலாவது நாள் ஒரு லாரித் தண்ணி வந்துச்சு. அஞ்சாவது நாள் மேல பாராபெட்டுக்கு லைன் போடணும்னு சொல்லி பாத்திய உடைச்சிட்டாங்க, அதுக்கப்புறம் வாட்ச்மேன் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ட்யூப்ப புடிச்சு அடிச்சாரு. கேட்டா "பத்து நாள் க்யூரிங் பண்ணோம்"னு கணக்கு சொல்றாங்க. இல்லண்ணே, உருப்படியா நனைஞ்சது ரெண்டு நாளோ ரெண்டரை நாளோதான்.

இங்க ஒரு விஷயத்த நிறையப் பேரு தப்பா புரிஞ்சு வச்சிருக்கோம், நானே முதல் அஞ்சு வருசம் அப்படித்தான் நெனச்சேன். க்யூரிங்னா கான்கிரீட்டுக்கு வெளியில இருந்து தண்ணி குடுக்குறதுன்னு. ஆனா ஒரு மூட்டைக்கு நாம ஊத்துற இருபத்தஞ்சு லிட்டர் தண்ணியே சிமெண்ட் முழுசா வேல செய்ய ஏறக்குறைய போதும், அது வெளிய ஓடிப்போகாம இருந்தா. க்யூரிங்கோட மெயின் வேலையே அந்த தண்ணிய உள்ளயே பிடிச்சு வைக்கிறதுதான். உள்ள ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு கீழ இறங்குனா சிமெண்ட் வேலைய கிட்டத்தட்ட நிறுத்திரும், பாதி வெந்த சோறு மாதிரி. திரும்ப தண்ணி ஊத்துனா கொஞ்சம் மறுபடி ஆரம்பிக்கும், ஆனா போனத முழுசா மீட்க முடியாது. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு ட்யூப் அடிக்கிறது ஏன் க்யூரிங் ஆகாதுன்னு இப்ப புரியுதா? மே மாசம் பத்து மணிக்கு அடிச்ச தண்ணி பதினோரு மணிக்கு இருக்காது, மீதி ஏழு மணி நேரம் தளம் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்தது சிமெண்ட். இப்ப கடைல நாம வாங்குறது பெரும்பாலும் பிபிசி, மூட்டைல ஐஎஸ் 1489னு இருக்கும். அதுல இருக்குற ஃப்ளை ஆஷ், சிமெண்ட் முதல்ல வேல செஞ்சு சுண்ணாம்ப வெளிய விட்ட பிறகுதான் அதோட சேர்ந்து கெட்டியாகும், அதனால மெதுவாத்தான் பலம் வரும். ஐஎஸ் 456 என்ன சொல்லுதுன்னா சாதா ஓபிசிக்கு குறைஞ்சது ஏழு நாள் விடாம ஈரம், பிபிசி மாதிரி கலப்பு சிமெண்டுக்கு குறைஞ்சது பத்து நாள், அத பதினாலு நாளுக்கு நீட்டலாம்னும் சொல்லுது. காஞ்ச வெயில் ஊர்னா எந்த சிமெண்டா இருந்தாலும் பத்துக்கு குறையக்கூடாது. "அந்தக் காலத்துல ஏழு நாள்தானே விட்டோம்"னு சொல்ற அண்ணன்களே, அந்தக் காலத்துல சிமெண்டு வேறண்ணே.

"ஆனா க்யூப் டெஸ்ட் பாஸ் ஆச்சே"ன்னு சொல்வீங்க. அக்கா வீட்டுலயும் பாஸ்தான், இருபத்தெட்டு நாள்ல இருபத்தஞ்சுக்கு மேல வந்திருக்கு. ஆனா அந்த க்யூப் எங்க இருந்துச்சு? தொட்டித் தண்ணிக்குள்ள முங்கி இருபத்தெட்டு நாள் கெடந்துச்சு. தளம் வெயில்ல கெடந்துச்சு. க்யூப் சொல்றது கலவை நல்லாருக்கா இல்லையான்னு மட்டும்தான், தளத்த நீங்க எப்படி வளத்தீங்கன்னு அதுக்கு தெரியாது.

போன மாசம் போனப்ப ரீபவுண்ட் ஹாமர் எடுத்துட்டுப் போய் தட்டிப் பாத்தேன். மேக்கு மூலையில செங்கல் அடுக்கி வச்சு அதுக்கு மேல தார்ப்பாய் போட்டிருந்தாங்களாம், அந்த இடம் தற்செயலா ஈரமாவே கெடந்திருக்கு. அங்க சராசரி முப்பத்திநாலு காட்டுச்சு. வெயில் பட்ட நடுத்தளத்துல இருபத்தி நாலு. ஒரே நாள், ஒரே மிஷின், ஒரே கலவை! ஹாமர் மேல் தோலத்தான் சொல்லும், முழு தளத்தோட பலத்த வச்சு சண்டை போட அது பத்தாது, எனக்கும் தெரியும். ஆனா க்யூரிங் கெடுறதும் அந்த தோல்லதான், மேல ஒண்ணு ஒன்றரை இஞ்ச்தான் அதிகமா அடி வாங்கும். அந்த ஆழத்துலதான் கம்பி உக்காந்திருக்கு, தளத்துக்கு கவர் இருபது மில்லிதானே விடுறோம். சுவர் மேலயும் பீம் மேலயும் தளத்தோட கம்பி மேலாப்புலதான் ஓடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. தோல் ஓட்டையா இருந்தா மழைத் தண்ணியும் காத்தும் நேரா கம்பிக்குப் போகும், கம்பி துருப்பிடிச்சா உப்பி கான்கிரீட்ட தள்ளும். அக்கா வீட்ல இன்னும் அந்த அளவுக்கு போகல, ஆனா சாவியால கீறுனா மாவு மாதிரி பொடி வருது, ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனா சர்ருனு உறிஞ்சுது, ஐப்பசி மழைல ரெண்டு இடத்துல கசிவு. நீங்க ஒப்படைக்கிற தளத்துலயும் சாவியும் டம்ளரும் வச்சு ஒரு தடவ பாருங்க, செலவில்லாத டெஸ்ட்.

சரி, என்ன பண்ணலாம்னு கேக்குறீங்களா. தண்ணி இல்லன்னுதான் எல்லாரும் சொல்றீங்க, கணக்கு போடுவோம். ஆயிரம் சதுரடிக்கு ஒரு இஞ்ச் தண்ணி நிக்க ஏறக்குறைய 2,360 லிட்டர். மே மாச வெயில்ல ஒரு நாளைக்கு எட்டு மில்லி ஆவியாகுதுன்னு வச்சாலும் 750 லிட்டர், பாத்தி கசிவு வேற கொஞ்சம். ட்யூப்ல நிமிசத்துக்கு பதினஞ்சு லிட்டர்னு ரெண்டு வேளையும் பதினஞ்சு பதினஞ்சு நிமிசம் அடிச்சா 450 லிட்டர், அதுல பாதி சுவத்துல வழிஞ்சு ரோட்டுக்குப் போயிரும். முதல் தடவ நிரப்புன பிறகு நாளைக்கு கூட ஒரு 300 லிட்டர் ஊத்துனா தளம் இருபத்திநாலு மணி நேரமும் தண்ணிக்குள்ள கெடக்கும். பாத்திய கெட்டியா கட்டாதீங்க, மெலிஞ்ச கலவைல கட்டுனா பிறகு தட்டி எடுக்கலாம்.

பாத்தி கட்டுறதுக்கு முன்னாடி இருக்குற அந்த முதல் ராத்திரிதான் எனக்கு ரொம்ப முக்கியம். தேய்ச்சு முடிச்சு மேல மினுமினுக்குற ஈரம் மங்குனதும் கண்ணாடி பிளாஸ்டிக் சீட்ட விரிச்சு விடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அடி ஏறணும், ஓரம் முழுக்க மணலோ செங்கலோ வச்சு அழுத்தணும். ஓரம் தூக்கி காத்து உள்ள புகுந்துச்சுன்னா சீட் போடாததே மேல், அடியில காத்து ஓடி இன்னும் வேகமா காய வைக்கும். கருப்பு சீட் வெயில்ல வேணாம், தளத்த வேக வச்சிரும். அங்கங்க திட்டுத்திட்டா நிறம் மாறும், அது பலத்துக்கு ஒண்ணும் பண்ணாது, ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. காலைல சீட்ட எடுத்துட்டு பாத்தி. வெயில்ல கொதிச்சுக் கெடக்குற தளத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜில்லுனு போர் தண்ணிய கொட்டாதீங்க, அதுலயே வெடிக்கும்.

அஞ்சாவது நாள் லைன் போட்டே ஆகணும்னா சரி, ஓரத்துல மட்டும் பாத்திய ஒரு அடி உள்ள தள்ளி கட்டுங்க, சுவர் வர்ற பட்டைல நனைஞ்ச சாக்கு போடுங்க. சணல் சாக்குதான் தண்ணி குடிக்கும், உர மூட்டை பிளாஸ்டிக் பைய போட்டுட்டு சாக்கு போட்டோம்னு சொல்லாதீங்க. சர்க்கரை மூட்டை சாக்குன்னா நல்லா அலசிட்டு போடுங்க, சர்க்கரை சிமெண்ட இறுக விடாது. சாக்கு காய்ஞ்சா அதுவே கான்கிரீட்டோட ஈரத்த உறிஞ்சி காத்துல விடும், அதனால நாலஞ்சு தடவ நனைக்கணும், இல்லன்னா அது மேலயே சீட்ட போட்டு மூடுனா ஒரு தடவ நனைச்சது ஒரு நாள் நிக்கும்.

கடைசியா ஒண்ணு, லேபர் ரேட் பேசுறப்ப "க்யூரிங் ஓனர் பொறுப்பு"ன்னு ஒரு வரி போடுறோமே, அத எடுங்கண்ணே. அக்கா மாதிரி ஆளுங்களுக்கு பாத்தி ஒழுகுறதா, சீட் தூக்கியிருக்கான்னு என்ன தெரியும். ஒரு ஆள் கூலி பத்து நாளைக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டு ரேட்டுல வெளிப்படையா சேருங்க, ஓனர்ங்க முகம் சுளிச்சா இந்த மடல காட்டுங்க, நான் பேசுறேன். வர்ற வெள்ளிக்கிழமை நம்ம ஏரியாவுல ரெண்டு தளம் போடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட ரெண்டு ரோல் கண்ணாடி சீட்டும் நாப்பது சணல் சாக்கும் சும்மா கெடக்கு, வியாழக்கிழமைக்குள்ள ஆள் அனுப்புனா எடுத்துட்டுப் போகலாம், வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருங்க.

உங்கள்ல ஒருத்தன்,
ஒரு சைட் சூப்பர்வைசர்