மாலையிலிருந்து காலை பேட்சுக்கு மாற்றும்போது

வணக்கம். வகுப்பில் பேட்ச் மாறுபவரின் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். போன வாரம் அப்படிச் செய்ததில், முழுக் கட்டணமும் கட்டியவருக்கு மறுபடி பாக்கி காட்டியது. அவர் வந்த 9 வகுப்புகளும் காணாமல் போயின. பாவம், அவர்தான் ரசீதோடு வந்து நின்றார்.

சேர்க்கை எண் மாறக் கூடாது. ரசீதும் வருகையும் அதோடுதான் ஒட்டியிருக்கின்றன. காலையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாலைப் பட்டியலில் 15-ஆம் தேதியைக் கடைசி நாளாகப் போடுங்கள். அப்புறம் காலையில் 16 முதல் தொடங்குங்கள். ஒரே தேதி இரண்டிலும் இருந்தால் ஒரு நாளுக்கு இரண்டு வருகை விழும்.

கடைசியில் தலையை எண்ணுங்கள். மாலை 20, காலை 14 என்று இருந்தது 19, 15 ஆக வேண்டும். மொத்தம் 34தான். 35 வந்தால் மாலைப் பட்டியலில் மாறியவர் பெயரை இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம்.