ஏழு நிறம் வேண்டாம், நானோமீட்டரைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் முகப் பராமரிப்புக் கருவிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் கழுவும் பிரஷ், முகத்தில் ஒளி பாய்ச்சும் எல்இடி மாஸ்க், இன்னும் சில கருவிகள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு நட்சத்திரம் கொடுத்திருந்தீர்கள். அதில் ஏழு நிற மாஸ்க்குக்கு இரண்டு நிற மாஸ்க்கை விட அதிக நட்சத்திரம். தோல் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அந்த வரிசையை நம்பி யாராவது பணம் போட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

மாஸ்க்கில் எத்தனை நிறம் என்பது முக்கியமே இல்லை. ஒளியின் அலைநீளம் என்ன, அது தோலில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் முக்கியம். 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியும், 830 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியும் தோலின் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகின்றன. மெல்லிய சுருக்கம், பருவுக்குப் பின் தங்கும் சிவப்பு ஆகியவை ஓரளவு குறைவது அதனால்தான். 415 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி வேறு வழியில் வேலை செய்கிறது. பருவில் வளரும் பாக்டீரியா போர்ஃபிரின் என்ற பொருளைத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. நீல ஒளி பட்டதும் அதுவே அந்த பாக்டீரியாவுக்கு எமனாகிறது. மருத்துவ ஆதாரம் நன்றாக இருப்பது இந்த மூன்றுக்கும்தான்.

அப்படியானால் ஏழு நிறம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சில்லுகள் இருக்கும். மஞ்சள், ஊதா, வெள்ளை எல்லாம் அவற்றைக் கலந்து எரியவிடுவதுதான். அகச்சிவப்பு அந்தக் கலவையில் வராது, அதற்குத் தனி விளக்கு வேண்டும். ஆக, நிறம் கூடக் கூட உண்மையில் வேண்டிய ஒளி குறையவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது அளவு. பெட்டியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது, 10 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது 600 வினாடி. 30-ஐ 600-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 18 ஜூல். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு ஒரு தடவையில் கிடைக்கும் ஒளி இவ்வளவு. இன்னொரு மாஸ்க் 3 மில்லிவாட்தான் தருகிறது என்றால், அதே 10 நிமிடத்தில் 1.8 ஜூல்தான் கிடைக்கும். முதல் மாஸ்க் தந்ததைப் பெற 100 நிமிடம் உட்கார வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே பளிச்சென்று சிவப்பாகத்தான் எரியும். அதனால்தான் மில்லிவாட் கணக்கை அச்சிடாமல், 150 விளக்குகள் என்று மட்டும் பெருமை பேசும் பெட்டியை வாங்க வேண்டாம் என்று எங்களிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.

அகச்சிவப்பு இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தால் வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். மாஸ்க்கை எரியவிட்டு, கண்ணுக்கு அணைந்ததுபோலத் தெரியும் விளக்குகளைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பல கைபேசிகளில் அவை வெளிர் ஊதாவாக மின்னும். சில கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும் என்பதால், தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொய் என்று முடிவுகட்டவும் முடியாது.

நல்ல மாஸ்க்காகவே இருந்தாலும் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை வீதம் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் வைத்தால்தான் பலனைப் பற்றிப் பேசவே முடியும். சன்ஸ்கிரீன் போடும் பழக்கம் இல்லாதவர் மாஸ்க்கில் பணம் போடுவது வீண். பகலில் வெயில் செய்யும் சேதம் அதைவிடப் பெரியது. சிவந்து வீங்கிய சாதாரணப் பருவுக்கு நீலமும் சிவப்பும் சேர்ந்து உதவும். பிளாக்ஹெட்டுக்கும், ஆழத்தில் கட்டியாக வரும் பருவுக்கும் உதவாது.

கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாத விஷயம் ஒன்று உண்டு, மங்கு. மாநிறத்தவருக்கும் கறுத்த தோல் கொண்டவர்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, அதிலும் நீல ஒளி, தோலைக் கருக்க வைக்கும். வெளுத்த தோலில் அப்படி நடப்பது மிகக் குறைவு. கன்னத்தில் மங்கு உள்ளவர் நீல ஒளி மாஸ்க்கை வைத்தால், போக வேண்டியது இன்னும் கறுக்கும். அவர்களுக்கு நீலம் வேண்டவே வேண்டாம். மங்கு சூட்டிலும் கூடும் என்பதால், முகத்தில் சூடு தெரியும் மாஸ்க்கும் ஆகாது. டாக்ஸிசைக்ளின் போல ஒளி தாங்காமல் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களும், லூபஸ், வலிப்பு, விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. 2019-ல் நியூட்ரோஜீனா நிறுவனம் தன் பரு மாஸ்க்கைத் திரும்பப் பெற்றதே சில கண் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்ற கவலையால்தான்.

பிரஷ்ஷுக்கு வருகிறேன். அதற்கு உங்கள் அட்டவணையில் நான்கு நட்சத்திரம். எங்களிடம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். தாடையில் பரு. காலையும் மாலையும் சுழலும் பிரஷ், அதோடு சாலிசிலிக் அமில ஃபேஸ் வாஷ், இரவில் அடாபலீன் என்ற பரு மருந்து. கன்னம் மெழுகு பூசியதுபோல மினுங்கியது. முகம் பொலிவாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் வெறும் தண்ணீர் பட்டாலே எரிச்சல். சாதாரண மாய்ஸ்சரைசர் தடவினாலும் எரிச்சல். தோலின் மேலடுக்கைத் தேய்த்தே போக்கியாகிவிட்டது என்பதற்கு அந்த மினுக்கமும் எரிச்சலும்தான் அடையாளம். டாக்டர் மூன்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும் என்றார். எரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. பிறகு அடாபலீனை மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனத் திரும்பத் தொடங்கினார். ஆனால் பிரஷ் உரசி உரசி உடைந்த பருக்கள் விட்டுப்போன கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகவில்லை.

முகம் கழுவ விரல் நுனிகளே போதும். ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் சன்ஸ்கிரீனும் அழுக்கும் போய்விடும். கனமான மேக்கப் என்றால் முதலில் கிளென்சிங் பாம் தடவிக் கரைத்துவிட்டுக் கழுவலாம். பிரஷ்தான் வேண்டும் என்பவர்கள் நார் வைத்ததை விட்டு சிலிக்கோனை எடுக்கட்டும். அதையும் பரு இல்லாத முகத்தில், அமிலமோ அடாபலீன் போன்ற ரெட்டினாய்டோ போடாத நாட்களில், வாரம் ஓரிரு தடவை அழுத்தாமல் பயன்படுத்தினால் கெடுதல் இல்லை. நனைந்த பிரஷ்ஷைக் குளியலறையில் மூடி வைத்தால் கிருமி வளரும், காற்றாட உலர்த்த வேண்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக: முகத் தசைக்கு மின்சாரம் பாய்ச்சும் கருவியின் இறுக்கம் தற்காலிகமானது, நிறுத்தினால் போய்விடும். ஊசி உருளையை வீட்டில் தொடவே வேண்டாம். பருவின் மேல் உருட்டினால் கிருமி முகம் முழுக்கப் பரவும்.

அட்டவணையை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். நிறங்களின் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் ஒவ்வொரு மாஸ்க்கின் அலைநீளத்தையும் மில்லிவாட்டையும் போடுங்கள். தயாரிப்பாளர் அதைத் தர மறுத்தால், தரவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செவிலியரான ஒரு வாசகி